வரிசை எழும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கலாம்

கேள்வி: என் தங்கையின் திருமணம் அடுத்த மாதம் எங்கள் கத்தோலிக்க ஆலயத்தில், திருப்பலி வழிபாட்டோடு நடக்கிறது. மணமக்கள் இருவரும் கத்தோலிக்கர்கள்தான். ஆனால் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் 40 பேர் வருகிறார்கள். பெரும்பாலோர் வேற்று மதத்தவர்கள், ஆலயத் திருமணத்தை இதுவரை பார்த்ததே இல்லை. அவர்களுக்காக ஒரு வழிகாட்டி வீடியோ செய்து முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறாள். திருமணம் என்னும் அருட்சாதனத்தின் வரலாறு, திருப்பலியின் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம், உடை விதிகள் என்று எழுதிப் பார்த்தேன். 11 நிமிடம் வருகிறது. எதை வெட்டுவது? கத்தோலிக்கர் மட்டும் வாங்கும் நற்கருணை அப்பம் பற்றி, வருகிறவர்கள் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது? இதையே எல்லா மதத் திருமணங்களுக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாகச் செய்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வெட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வரும் ஞாயிறு திருப்பலிக்குப் போகும்போது, வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டுவிட்டு நான்கைந்து பெஞ்சு பின்னால் உட்காருங்கள். சுற்றியிருப்பவர்களின் உடம்பு என்னென்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு தாளில் எழுதுங்கள். வாசலில் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட்டார்கள். எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். எல்லோரும் ஒரே குரலில் ஏதோ பதில் சொன்னார்கள். முழந்தாளிட்டார்கள். திடீரென்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்பினார்கள். பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போனார்கள், திரும்பி வந்தார்கள். சிறு வயதிலிருந்து பழகியதால் இதெல்லாம் உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. முதல் தடவை வருகிறவருக்கோ இவை ஒவ்வொன்றிலும் மனதுக்குள் ஒரே கேள்விதான்: நானும் செய்யணுமா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எதையும் வீடியோவிலிருந்து எடுத்துவிடுங்கள். அருட்சாதனத்தின் வரலாறு நல்ல விஷயம், ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து தவிக்கிறவருக்கு அந்த நேரத்தில் உதவாது. ஆர்வம் உள்ளவர்களுக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள். 11 நிமிடத்தில் மிஞ்சுவது மூன்று நிமிடம்தான் இருக்கும். அது போதும்.

அந்த மூன்று நிமிடத்தைத் தாங்கி நிற்க ஒரு வேறுபாடு வேண்டும். திருப்பலியில் உடம்பு செய்கிறவை இரண்டு வகை. எழுந்து நிற்பதும் உட்காருவதும் சபை மரியாதை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்தால் மகிழ்ச்சி. சிலுவை போடுவது, பதில் மொழிகள் சொல்வது, முழந்தாளிடுவது, நற்கருணை வாங்குவது ஆகியவை 'எனக்கு இந்த நம்பிக்கை உண்டு' என்று உடம்பால் சொல்கிற வார்த்தைகள். அந்த நம்பிக்கை இல்லாதவர் அவற்றைச் செய்யாமல் அமைதியாக இருப்பதுதான் அவருக்கும் நேர்மை, உங்களுக்கும் மரியாதை. இதை முதல் 20 விநாடிக்குள் சொல்லிவிடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "எல்லோரும் எழும்போது நீங்களும் எழுந்திருங்கள், உட்காரும்போது உட்காருங்கள். மற்ற எதையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தாலே போதும்." கேட்பவரின் தோள் தளர்வதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். வேற்று மதத்தவர்களில் பலருக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு, தன் நம்பிக்கைக்கு மாறான ஒன்றைச் செய்ய வைத்துவிடுவார்களோ என்று. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டால் மீதி வீடியோவை நிம்மதியாகப் பார்ப்பார்கள்.

இப்போது நற்கருணை. நீங்கள் பயப்படுவது சரிதான். திருமணத் திருப்பலியில் விருந்தினர் செய்யும் மற்ற தவறுகள் எல்லாம் ஒரு புன்னகையோடு கடந்து போகும். இது அப்படிப் போகாது.

ஆரம்ப காலத்தில் நான் செய்த ஒரு வீடியோவில் நல்லெண்ணத்தோடு ஒரு வரி வைத்திருந்தேன்: "குழப்பமாக இருந்தால் முன்னால் இருப்பவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்." எல்லோரும் சொல்கிற அறிவுரைதான் அது. அந்தத் திருமணத்தில் நற்கருணை நேரம் வந்தது, முன் பெஞ்சு எழுந்தது, அதைப் பார்த்து விருந்தினர் பெஞ்சும் எழுந்தது. அவர்களில் ஒரு பெரியம்மா. பிரசாதம் வாங்கிப் பழகிய கை அது. வலது உள்ளங்கையைக் குழித்து, கீழே இடது கையை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிற பக்தியோடு வாங்கினார். வாங்கியதைக் கைக்குள் மூடிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார். வீட்டில் இருக்கும் பேரனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் எண்ணம். குருவானவர் கொடுப்பதை நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே நடந்து வந்து, காதருகே குனிந்து, அதைத் திருப்பித் தரும்படி மெல்லக் கேட்டார். குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்துவிட்டது. அந்த அம்மா அதன் பிறகு கடைசி வரை தலை நிமிரவே இல்லை. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. என் வரி சொன்னதைத்தான் செய்தார். அன்றிலிருந்து அந்த வரியை நான் எழுதுவதில்லை. நீங்களும் எழுதாதீர்கள். முன்னால் இருப்பவரைப் பார்த்து எழலாம், உட்காரலாம். நடக்கக் கூடாது.

அந்த வரிசையில் என்ன நடக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது, எனவே அதை நாம் தெளிவாகப் புரிந்துகொண்டு எழுத வேண்டும். முறை வந்ததும், கொடுப்பவர் வெள்ளை நிற வட்டமான சிறு அப்பத்தை உயர்த்திக் காட்டி "கிறிஸ்துவின் திரு உடல்" என்கிறார். வாங்குபவர் "ஆமென்" என்கிறார். அந்த ஒரு சொல் 'அப்படியே நம்புகிறேன்' என்ற அறிக்கை. கையில் வாங்கினாலும் நாக்கில் வாங்கினாலும், அந்த இடத்திலேயே உட்கொண்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கையில் எடுத்துப்போவதோ பிறருக்குப் பகிர்வதோ கிடையாது. அர்ச்சிக்கப்பட்ட அந்த அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. குருவானவர் பின்னாலேயே நடந்து வந்ததற்குக் காரணம் அதுதான். விதியைக் காக்கும் பிடிவாதம் அல்ல.

மனம் கோணாமல் சொல்வது எப்படி என்று கேட்டீர்கள். காரணத்தை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்வதுதான் வழி. "கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை" என்று மட்டும் சொன்னால் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். காரணத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்துக் கெஞ்சினால் விருந்தினருக்குப் புரியாமலே போகும். 'அது ஒரு மாதிரி அவங்களுக்கானது' என்று முணுமுணுத்து நகர்கிற வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றால் பயன் இல்லை. என் வார்த்தைகளில்: "இப்போது பெஞ்சு பெஞ்சாக எழுந்து முன்னால் போவார்கள். இது நற்கருணை. இதை வாங்குவது, 'நான் இந்தத் திருச்சபையின் நம்பிக்கையில் இருக்கிறேன்' என்று எல்லோர் முன்னும் சொல்வது. அதனால் வேற்று மதத்தவர்கள் தங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். கத்தோலிக்கர்களிலும் சிலர் இன்று உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது ஆறுதலுக்காகச் சொல்கிற பொய் அல்ல. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உணவு உட்கொள்ளாதிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெரும் பாவ நிலையில் இருப்பதாக உணர்பவர், குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போக மாட்டார். தான் மட்டும் தனித்துத் தெரிகிறோமோ என்ற கூச்சம்தான் விருந்தினரை வரிசையில் தள்ளுகிறது. உட்கார்ந்திருப்பது இங்கே சாதாரணம் என்று தெரிந்தால் அந்தக் கூச்சம் விட்டுவிடும்.

பல வீடியோக்கள் இதோடு நிறுத்திவிடும். ஆனால் உட்கார்ந்திருங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது, எப்படி உட்கார்ந்திருப்பது என்று காட்ட வேண்டும். பெஞ்சின் ஓரத்தில் விருந்தினர் இருக்கிறார், உள்ளே நான்கு கத்தோலிக்கர்கள். அவர்கள் வெளியே வர வேண்டும். விருந்தினர் எழுந்து பெஞ்சை விட்டு வெளியே வந்து வழிவிட்டால், நடுப்பாதையில் நிற்கும் அவரை வரிசை அப்படியே முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். வேண்டாம் என்று நினைத்தவர்களும் வரிசையில் சேர்ந்துவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே வீடியோவில் இரண்டு பேரை வைத்துக் காட்டுங்கள்: ஓரத்தில் இருப்பவர் உட்கார்ந்தபடியே முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பி வழிவிடுகிறார், மற்றவர் கடந்து போகிறார். இடம் நெருக்கமாக இருந்தால், வெளியே வந்து, பெஞ்சுக்குப் பின்பக்கமாக ஓரடி ஒதுங்கி நின்று, எல்லோரும் போனதும் மறுபடி உள்ளே வந்து உட்காருகிறார். 15 விநாடிக் காட்சி. வீடியோவிலேயே மிகவும் பயன்படப் போவது இதுதான்.

அப்படியும் ஒருவர் வரிசையில் மாட்டிக்கொண்டால்? அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: "தவறி வரிசையில் சேர்ந்துவிட்டால் பதற வேண்டாம். முன்னால் போனதும் கையை நீட்டாமல், கைகூப்பித் தலை வணங்கி, பக்கவாட்டில் நடந்து உங்கள் இடத்துக்கு வந்துவிடுங்கள்." சில ஆலயங்களில் இரண்டு கைகளையும் மார்பின் குறுக்காக வைத்துப் போனால் குருவானவர் ஆசி தருவார். இது எல்லா இடத்திலும் இருக்கிற வழக்கம் அல்ல, சில குருக்கள் விரும்புவதும் இல்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் மட்டும் சேருங்கள். அப்படிச் சேர்த்தாலும், போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது தெளிவாக இருக்கட்டும்.

முழந்தாளிடும் நேரத்துக்கும் இதுபோல ஒரு நெருக்கக் காட்சி வேண்டும். பெஞ்சின் அடியில் மடித்து வைத்திருக்கும் முழந்தாள் பலகையை முதல் தடவை பார்க்கிறவர் கால் வைக்கும் பலகை என்றுதான் நினைப்பார், செருப்புக் காலை அதில் ஊன்றிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் அதே பலகையில் முழந்தாளிட வேண்டியிருக்கும். "இது முழந்தாளிடுவதற்கான பலகை, காலை வைக்க வேண்டாம்" என்று ஒரு வரி, பலகையைக் கையால் பிடித்து மெதுவாக இறக்கும் காட்சியோடு. விட்டுவிட்டால் அது தரையில் மோதி ஆலயம் முழுக்கக் கேட்கும். இன்னொன்று யாரும் சொல்வதில்லை. பின் பெஞ்சில் இருப்பவர்கள் முழந்தாளிடும்போது அவர்கள் கைகள் உங்கள் முதுகுச் சாய்மானத்தின் மேல் வந்துவிடும். சாய்ந்து உட்கார்ந்திருக்கும் விருந்தினரின் கழுத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கும், இருவருக்கும் சங்கடம். முழந்தாளிடாமல் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் போதும். அதைக் காட்டினாலே புரிந்துவிடும், பேச்சே வேண்டாம்.

நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. நற்கருணைக்குச் சற்று முன்பு சமாதானம் பகிர்ந்துகொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் திரும்பி, உங்கள் ஆலய வழக்கப்படி கைகூப்புவார் அல்லது கைகுலுக்குவார். இதில் விருந்தினர் முழு மனதோடு கலந்துகொள்ளலாம், 'உங்களுக்குச் சமாதானம்' என்று சொல்லலாம், வெறும் புன்னகையும் போதும். செய்யாதீர்கள், வேண்டியதில்லை என்றே கேட்டுக்கொண்டு வருகிறவருக்கு 'இதைச் செய்யுங்கள்' என்று ஒன்று கிடைக்கும்போது முகம் மலரும். இதைக் கொஞ்சம் நிதானமாகக் காட்டுங்கள்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். வாசலில் இருக்கும் தண்ணீர் தீர்த்தம், கை கழுவவோ குடிக்கவோ அல்ல. தொடாமல் உள்ளே போகலாம். காணிக்கைத் தட்டு வந்தால் போடாமல் பக்கத்தில் கொடுத்துவிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உடைக்கு, தோளும் முழங்காலும் மறைந்திருக்கட்டும் என்ற ஒரு வரி. காலணியோடு உள்ளே வரலாமா என்பது ஆலயத்துக்கு ஆலயம் வேறுபடும். உங்கள் ஆலய வாசலையே படம் பிடித்துக் காட்டிவிடுங்கள். போன் சத்தமில்லாமல் இருக்கட்டும், படம் எடுப்பவர்கள் தங்கள் இடத்தை விட்டு நடுப்பாதைக்கு வர வேண்டாம். மணமக்கள் ஒப்புதல் சொல்லும்போது எல்லோரும் நிற்பதா உட்கார்ந்திருப்பதா, முடிந்ததும் கைதட்டுவதா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஊகித்து எழுதாமல் பங்குத்தந்தையிடம் கேட்டே எழுதுங்கள்.

அவரிடம் போகும்போது ஸ்கிரிப்டோடு போங்கள், முடித்த வீடியோவோடு போகாதீர்கள். அவர் ஒரு வரியை மாற்றச் சொன்னால் தாளில் மாற்றுவது எளிது. படப்பிடிப்புக்கு அனுமதியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. பீடத்தின் முன் யாரையாவது குருவானவர் போல நிற்க வைத்து நற்கருணை கொடுப்பதாக நடித்துக் காட்டிவிடாதீர்கள். அருட்சாதனத்தைக் கொடுப்பதாகப் பாவனை செய்வதைத் திருச்சபைச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. விளக்கத்துக்காக நடிப்பது வேறுதான் என்றாலும், பார்க்கிற பெரியவர்கள் மனம் நோகும். உண்மையான திருப்பலியில் நற்கருணை வாங்குகிறவர்களின் முகத்தை நெருக்கமாகப் படம் பிடிப்பதும் வேண்டாம். அது அவர்களின் ஜெப நேரம். உங்களுக்கு அந்தக் காட்சியே தேவையில்லை. விருந்தினர் அன்றைக்குப் பார்க்கப் போவது முன்னால் இருப்பவர்களின் முதுகைத்தானே? ஆலயம் காலியாக இருக்கும் ஒரு பிற்பகலில் உறவினர்கள் ஆறேழு பேரை அழைத்துப் போய், நான்காவது பெஞ்சில் உட்கார்ந்தவரின் கண் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 110, 120 சென்டிமீட்டரில் கேமராவை வைத்து, பெஞ்சிலிருந்து எழுவது, வழிவிடுவது, வரிசை நகர்வது வரை மட்டும் எடுங்கள். வரிசை பீடத்தை நெருங்கும் முன் காட்சியை வெட்டிவிட்டு, உட்கார்ந்திருக்கும் விருந்தினரிடம் திரும்புங்கள். வீடியோவின் கண் எப்போதும் அவர் பக்கத்திலேயே இருக்கட்டும். பீடத்திலிருந்து சபையைப் பார்க்கிற கோணம் அழகாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் நின்று பார்க்கப் போகிறவர் அவர்களில் யாரும் இல்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். நற்கருணைக்குப் போவதை உங்கள் வீட்டில் 'நன்மை வாங்கப் போறேன்' என்றால் எல்லோருக்கும் புரியும். வெளியாருக்கு அது வேறு ஏதோ வாக்கியம். 'மறையுரை', 'மன்றாட்டு', 'காணிக்கைப் பவனி' இவையும் அப்படித்தான். ஆலயச் சொல்லைச் சொல்லவே கூடாது என்பதில்லை. சொல்லும்போது காட்சியும் கூடவே வரட்டும். 'நற்கருணை' என்ற ஒரு சொல்லை மட்டும் விருந்தினர் மனதில் பதிய வையுங்கள், ஏனென்றால் அன்று ஒலிபெருக்கியில் அந்தச் சொல் வரும். மற்றவற்றுக்கு 'குருவானவர் பேசும்போது உட்காருங்கள்' என்கிற மாதிரி நேரடித் தமிழ் போதும். பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் போனில் பார்ப்பார்கள் என்பதால், பேசுகிற ஒவ்வொரு வரியும் திரையில் எழுத்தாகவும் வர வேண்டும். தமிழ் எழுத்து அகலம் பிடிக்கும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வைத்தால் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடும்.

எல்லா மதத்துக்கும் பொதுவாக ஒன்றே செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில்: செய்ய வேண்டாம். காரணம் இதே கைதான். சீக்கியர்களின் ஆனந்த் காரஜ் திருமணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரு ராம் தாஸ் இயற்றிய நான்கு லாவாங் பாடல்களுக்கு மணமக்கள் தங்கள் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பை நான்கு முறை வலம் வருவார்கள். விருந்தினரும் தலையை மூடி, காலணியைக் கழற்றி, தரையில் உட்கார வேண்டும். கால் குரு கிரந்த் சாகிப்பை நோக்கி நீண்டிருக்கக் கூடாது. முடிவில் கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிளறிய கடா பிரசாத் வரும். அது மதம் பார்க்காமல் எல்லோருக்கும் உரியது. உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் குவித்து ஏந்தி வாங்க வேண்டும். மறுத்தால்தான் கொடுப்பவர் மனம் வருந்தக்கூடும், குறைவாக வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம். அங்கே நீள வேண்டிய கை இங்கே நீளக் கூடாது. 'பிற மத வழிபாட்டில் தருவதைப் பணிவோடு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பொதுவாக எழுதினால் உங்கள் தங்கை திருமணத்தில் பிழை. 'தருவதை வாங்காதீர்கள்' என்று எழுதினால் அங்கே பிழை.

ஒரே மதத்துக்குள்ளும் இந்தப் பொதுமை நிற்காது. 1969-இல் வெளிவந்து 1990-இல் திருத்திய பதிப்பாக வந்த கத்தோலிக்கத் திருமணச் சடங்கு நூலில், திருப்பலியோடு ஒரு முறை, திருப்பலி இல்லாமல் ஒரு முறை, மணமக்களில் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவராக இருந்தால் அதற்கு ஒரு முறை என்று தனித்தனியாக இருக்கின்றன. அந்த மூன்றாவது வகையில் திருப்பலி இருக்காது, ஆகவே நற்கருணை வரிசையும் இருக்காது. உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் நாளைக்கு உங்கள் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தும் தோழிக்குப் பொருந்தலாம். வராத வரிசைக்காகக் காத்திருக்கும் விருந்தினர்கள் கடைசி வரை பதற்றமாகவே இருப்பார்கள்.

வீடியோ தயாரானதும், ஆலயத்துக்குள் போயிராத ஒருவரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். அன்று மாலை போன் செய்து, "நீ பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உன் பெஞ்சில் எல்லோரும் எழுந்து முன்னால் போகிறார்கள். நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "உட்கார்ந்தே காலைத் திருப்பி வழி விடுவேன்" என்று உடனே வந்தால் வீடியோ வேலை செய்கிறது. "நானும்... இல்லை, நான் போகக் கூடாது, இல்லையா?" என்று இழுத்தால் அந்தப் பகுதியை மறுபடி எடுங்கள். வேறு எந்தப் பகுதிக்கும் இந்த அளவு கண்டிப்பு தேவையில்லை.

திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு அனுப்பினால் மறந்துவிடுவார்கள். முந்தின நாள் மாலை அனுப்புங்கள், காலையில் கிளம்பும் நேரத்துக்கு நற்கருணைப் பகுதியை மட்டும் தனியாக வெட்டி இன்னொரு முறை அனுப்புங்கள். இருந்தாலும் 40 பேரில் சிலர் எப்படியும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். விருந்தினர்களை முதல் மூன்று பெஞ்சுகளில் உட்கார வைக்காதீர்கள். மரியாதைக்காக முன்னால் உட்கார வைத்தால், எப்போது எழுவது என்று பார்த்துக்கொள்ள அவர்களுக்கு முன்னால் ஆளே இருக்காது. நடுவில் உட்கார வையுங்கள், ஒவ்வொரு பெஞ்சின் நடுப்பாதை ஓரத்திலும் உங்கள் சொந்தக்காரர் ஒருவர் இருக்கட்டும். அவர் எழுந்து போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "நீங்கள் உட்காருங்கள், இதோ வந்துவிடுகிறேன்" என்று சொன்னால் வீடியோவே பார்க்காதவருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

பங்குத்தந்தையிடம் கடைசியாக ஒரு உதவி கேளுங்கள்: நற்கருணை கொடுக்கத் தொடங்கும் முன் அவரே ஒரு வாக்கியம் அறிவிக்க முடியுமா என்று. பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள். வீடியோவில் நீங்கள் பயன்படுத்திய அதே சொற்களை ஒரு சிறு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள், காலையில் போனில் படித்த வரியையே விருந்தினர்கள் ஒலிபெருக்கியிலும் கேட்கட்டும்: "இப்போது நற்கருணை. கத்தோலிக்கர்கள் முன்னால் வருவார்கள். மற்ற நண்பர்கள் உங்கள் இடத்திலேயே அமர்ந்து மணமக்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்."